தண்ணீர் நிரம்பி வழிந்தும் "தண்ணீர் வரவில்லை" என்ற மெஷின்: பிரஷர் டியூப் அடைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

வாஷிங் மெஷின் 7 கிலோ டாப் லோடு, முழு ஆட்டோமேட்டிக், வாங்கி ஆறு வருடம். இடம் சென்னையின் தெற்குப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. தண்ணீர் போர்வெல்லில் இருந்து வருகிறது. கோடையில் லாரித் தண்ணீரும் அதே சம்பில்தான் இறங்கும்.

புகார் ஒன்றல்ல. துணி போட்டு ஸ்டார்ட் கொடுத்தால், வைத்த அளவைத் தாண்டித் தண்ணீர் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் திரையில் FE வந்து, மெஷின் தானாகவே தண்ணீரை வெளியே விட ஆரம்பிக்கிறது. சில நாட்களில் FE வராமல் துவைத்து முடித்துவிடும், ஆனால் அலசுவதற்கு முன் OE காட்டி நின்றுவிடும். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் கடைக்குப் போயிருந்த நேரத்தில், டப் விளிம்பு வரை நிரம்பி, வழிந்து, யுடிலிட்டி முழுக்கத் தண்ணீர். கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரம் இறங்கிவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது திரையில் இருந்தது IE.

இந்த மெஷினில் FE என்றால் அளவுக்கு மேல் தண்ணீர், OE என்றால் தண்ணீர் வெளியே போகவில்லை, IE என்றால் தண்ணீர் உள்ளே வரவில்லை. எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அர்த்தங்கள் எல்லா மெஷினிலும் ஏறத்தாழ இவைதான். தளும்பி வழிகிற டப்பை வைத்துக்கொண்டு "தண்ணீர் வரவில்லை" என்று ஒரு மெஷின் சொன்னால், அந்த இடத்திலேயே பாதி நோய் தெரிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் கொஞ்சம் வேலை.

எனக்கு முன்பே வேறொரு மெக்கானிக் வந்து போயிருந்தார். முதல் தடவை, தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வை மாற்றினார், எந்த மாற்றமும் இல்லை. அடுத்த தடவை வாட்டர் லெவல் சென்சாரை மாற்றினார். மூன்று வாரம் போல நன்றாக ஓடி, மறுபடி பழைய கதை. மூன்றாவது தடவை, மெஷினை இயக்கும் கன்ட்ரோல் போர்டு போய்விட்டது என்று சொல்லி ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார். போர்டு என்றதும்தான் வீட்டுக்காரர் வேறு ஆளிடம் காட்டலாம் என்று முடிவு செய்தார்.

இன்னொரு தகவலும் அவரிடமிருந்து வந்தது. "தம்பி, அசோசியேஷன்ல மொட்டை மாடியில பிரஷர் பம்ப் போட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் இந்தத் தொல்லை. பிரஷர் தாங்காம மெஷின் போயிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க." முன்பு டேங்க் தண்ணீர் மெல்ல வரும், நிரம்பக் கால் மணி நேரம் ஆகும், அப்போதெல்லாம் மெஷினில் ஒரு குறையும் இல்லை என்றார்.

பம்ப் வந்த பிறகு பிரச்சினை ஆரம்பித்தது உண்மை. பிரஷர் தாங்காமல் போனது என்பதுதான் தப்பு. வீட்டு பிரஷர் பம்ப் ஒன்று அல்லது இரண்டு பார் அளவில் தள்ளும். இந்த இன்லெட் வால்வுகள் அதைப் போலச் சில மடங்கு அழுத்தத்துக்குக் கட்டப்பட்டவை. பம்ப்புக்கும் இந்தக் கோளாறுக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு உண்டு, ஆனால் அது வேறு வழியில் வருகிறது.

மெஷின் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை

டப்புக்குள் மிதவையோ தண்ணீரைத் தொடும் கம்பியோ கிடையாது. வெளி டப்பின் அடிப்பக்கம் ஓரமாக ஒரு சின்ன அறை இருக்கும், ஏர் சேம்பர் என்போம். அதன் கீழ் வாய் டப்புக்குள் திறந்திருக்கும். மேல் முனையில் பிரஷர் டியூப் என்ற ஒரு மெல்லிய டியூப் செருகப்பட்டு, பாடியை ஒட்டி மேலே ஏறி, கன்ட்ரோல் பேனலுக்குப் பக்கத்தில் உள்ள சென்சாரில் முடியும். டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளுமே, அதுபோலத் தண்ணீர் ஏறும்போது சேம்பரில் இருக்கும் காற்று வெளியே போக வழியில்லாமல் அமுங்கும். அந்த அழுத்தம் டியூப் வழியாகச் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை, அதாவது டயாஃபிரத்தை, தள்ளும்.

அழுத்தம் மிகச் சிறியது. 10 செ.மீ. தண்ணீருக்கு ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல்தான். டப் உச்ச அளவுக்கு நிரம்பினாலும் மூன்று, மூன்றரை கிலோபாஸ்கலைத் தாண்டாது. நாம் வாயால் ஊதினாலே அதைவிட அதிகம் வரும்.

பழைய மெஷின்களில் இந்த அழுத்தம் ஒரு ஸ்விட்சைத் தட்டும், "டக்" என்று சத்தம் கேட்கும். இப்போதைய மெஷின்களில் டயாஃபிரத்தோடு சேர்ந்து ஒரு காயிலுக்குள் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் துண்டு நகரும். அதனால் ஓர் அலைவெண் மாறும். டப் காலியாக இருந்தால் 25, 26 கிலோஹெர்ட்ஸ் அருகே இருந்து, தண்ணீர் ஏற ஏற எண் குறையும். போர்டுக்குத் தெரிந்த உலகம் இந்த ஒரு எண் மட்டும்தான். டப்பில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. டியூபின் மேல் முனையில் என்ன அழுத்தம் இருக்கிறது என்பதுதான் தெரியும்.

எனவே திரையில் வரும் எழுத்தை டப்பின் நிலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்சார் என்ன நம்பியது என்று மட்டும் அதிலிருந்து புரிந்துகொள்ளலாம். டப்பின் நிலையைக் கண்ணால் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

முதலில் கேட்ட கேள்வி

தண்ணீர் நிற்காமல் ஏறும்போது பிளக் சுவிட்சை அணைத்தால் நிற்கிறதா, அப்போதும் வருகிறதா? ஓவர்ஃபில் புகார் எதுவாக இருந்தாலும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இன்லெட் வால்வு மின்சாரம் வந்தால் திறக்கும், போனால் ஸ்பிரிங்கால் மூடும். கரண்ட் இல்லாமலும் தண்ணீர் வந்தால் வால்வில் மண்ணோ உப்போ சிக்கியிருக்கிறது. நின்றுவிட்டால் வால்வு நல்லது. யாரோ அதைத் திறந்தே வைத்திருக்கச் சொல்கிறார்கள், அது போர்டு, அந்த போர்டு சென்சாரை நம்பிச் சொல்கிறது.

"அணைச்சா உடனே நின்னுடுது தம்பி. முன்னாடி ஒரு தடவை அளவு தாண்டி ஏறினப்ப அப்படித்தான் நிறுத்தினேன். அப்புறம் குழாயையும் மூடிட்டேன்."

ஆக, முதலில் மாற்றிய வால்வுக்கு அவசியமே இருந்திருக்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க ஸ்பேனர்கூட வேண்டாம்.

ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டாப் லோடு மெஷினில் டப் வழிந்தால் தண்ணீர் நேராகக் கீழே உள்ள மோட்டார் மேல்தான் விழும். வழிந்த மெஷினை அன்றே திரும்ப ஓட்டிப் பார்க்கக் கூடாது. இங்கே இரண்டு நாள் பிளக்கைக் கழற்றி வைத்திருந்தார்கள். பின் கவரைத் திறந்து மோட்டார், கனெக்டர் எல்லாம் காய்ந்திருப்பதைப் பார்த்த பிறகே கரண்ட் கொடுத்தேன்.

எண் எந்தப் பக்கம் நகர்கிறது

மெக்கானிக்குகள் சோதிப்பதற்கான சர்வீஸ் மோடில் போட்டால் இந்த மெஷின் சென்சாரின் எண்ணைத் திரையில் மூன்று இலக்கமாகக் காட்டும். 259 என்றால் 25.9 கிலோஹெர்ட்ஸ். பட்டன் சேர்க்கை மாடலுக்கு மாடல் வேறு. எண் காட்டாத மெஷினில் சிலர் சென்சார் வயரில் மீட்டர் வைத்து அளப்பார்கள். பல போர்டுகளில் 5 வோல்ட் பக்கமும் மெயின் லைனோடு பிரிவின்றி இணைந்தே இருக்கும், தொட்டால் ஷாக் அடிக்கும். வீட்டில் முயற்சி செய்வதற்கு அது ஏற்றதல்ல.

குழாயைத் திறந்து அளந்தால் நேரமும் அளவும் குழம்பும் என்று பக்கெட்டால் ஊற்றினேன். 10 லிட்டர் பக்கெட், நான்கு தடவை, வேகமாக. இந்த டப்பில் ஒரு செ.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் கணக்கு.

காலி டப்பில் 259. நான்கு பக்கெட்டும் ஊற்றி முடித்த உடனே 254. 40 லிட்டருக்கு அது போதாது. இரண்டாவது பக்கெட் பாதியிலேயே அந்த எண்ணைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கவில்லை. ஆனால் எண் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. 253, கொஞ்சம் நின்று, சட்டென்று 250, பிறகு 248. ஒன்றரை நிமிடம் போல ஆன பிறகு 245-இல் வந்து உட்கார்ந்தது.

ஊற்றுவது நின்ற பிறகு எண் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்பதுதான் இந்தச் சோதனையின் உயிர். நல்ல டியூபில் சில விநாடிகளில் எண் நிலைத்துவிடும். அதே திசையில் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால், கீழே இருக்கும் அழுத்தம் மேலே வந்து சேரத் திணறுகிறது, வழியில் அடைப்பு. எண் திரும்பிக் காலி டப்பின் எண்ணை நோக்கி ஏறினால், அமுங்கிய காற்று எங்கோ கசிகிறது: டியூபில் ஓட்டை, தளர்ந்த கிளாம்ப், அல்லது எலி. எலி என்பதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தரைத்தள வீடுகளில் மெஷினுக்கு அடியில் புகுந்து இந்த டியூபைக் கடித்துவைப்பது வழக்கம். எண் சரியாக இறங்கி, சரியாக நின்று, அப்படியும் மெஷின் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் போர்டைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்து டிரெய்ன் செய்தேன். டப் முழுக்கக் காலியாகி, அடியில் ஈரம் மட்டும். எண் 250-இலேயே நின்றது. அங்கிருந்து 257-க்கு ஏறப் பல நிமிடம் ஆனது. காற்று உள்ளே போகத் திணறியது போலவே வெளியே வரவும் திணறுகிறது. மெஷினுக்கோ, டப்பில் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. OE வந்த காரணம் இதுதான், டிரெய்ன் மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

மூன்று எழுத்துகளும் இப்போது ஒரே கயிற்றில் கோர்க்க வருகின்றன. அடைப்பு அரைகுறையாக இருக்கும்போது போர்டு எண்ணுக்காகக் காத்திருந்து தாமதமாக வால்வை மூடுகிறது. மூடிய பிறகும் அழுத்தம் மெல்ல வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது, எண் அனுமதித்த எல்லைக்கும் கீழே போகிறது, FE. துவைத்து முடித்துக் காலி செய்தால் அழுத்தம் டியூபிலேயே தங்குகிறது, OE. அடைப்பு முழுதாக மூடிக்கொண்ட நாளில் அழுத்தம் மேலே வரவே இல்லை; எண் 259-இலேயே கிடக்கிறது; போர்டு வால்வைத் திறந்துவைத்துக் காத்திருந்து, கடைசியில் நேரக்கெடு முடிந்து IE.

பம்ப்பின் பங்கு

குழாயில் பக்கெட் பிடித்துப் பார்த்தேன். 10 லிட்டர் நிரம்ப முக்கால் நிமிடம். நிமிடத்துக்கு 13 லிட்டர். பம்ப் வருவதற்கு முன்பு கால் மணி நேரம் ஆனது என்றால் நிமிடத்துக்கு நான்கு லிட்டருக்கும் குறைவு.

தாமதம் ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பழைய வேகத்தில் அந்த நேரத்தில் கூடுதலாக ஏறுவது 6 லிட்டர், டப்பில் 3 செ.மீ. துணியும் நுரையும் மிதக்கிற டப்பில் 3 செ.மீ. யார் கண்ணிலும் படாது. புது வேகத்தில் அதே ஒன்றரை நிமிடத்தில் ஏறுவது 20 லிட்டர் அளவு, 10 செ.மீ. இது எல்லையைத் தாண்டிவிடும். அடைப்பு பம்ப்புக்கு முன்பே இருந்திருக்கிறது. தண்ணீர் மெதுவாக வந்ததால் அழுத்தம் எப்படியோ பின்னால் நடந்து வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பம்ப் வந்ததும் அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணக்கும் இதிலிருந்தே வருகிறது. நேரக்கெடு 25 நிமிடம் அளவில் என்றால் உள்ளே வந்த தண்ணீர் 300 லிட்டருக்கு மேல். டப் விளிம்பு வரை பிடிப்பது 80 லிட்டர் சுமார். மீதி 200 லிட்டருக்குக் குறையாமல் யுடிலிட்டியில் இறங்கியிருக்கிறது, அங்கே தரைச் சல்லடைமேல் சோப்புப் பக்கெட் வேறு இருந்தது. கீழ் வீட்டுச் சீலிங் நனைந்ததில் ஆச்சரியமில்லை. ஓவர்ஃபில்லுக்கு மெஷினில் தனிப் பாதுகாப்பு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அதுவும் இதே சென்சாரின் எண்ணைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. கண் மூடிப்போனால் காவல்காரனும் சேர்ந்தே குருடு.

டியூபைத் திறந்தது

பிளக்கைக் கழற்றி, குழாயை மூடி, டப்பைக் காலி செய்த பிறகு பேனலுக்குப் பின்னால் உள்ள கவரைத் திறந்தேன். முதலில் டியூபின் மேல் முனையைச் சென்சாரிலிருந்து பிடுங்க வேண்டும். சென்சார் மாட்டியிருக்கும்போது டியூபில் ஊதுவதோ கம்ப்ரசர் காற்று விடுவதோ கூடவே கூடாது. மூன்று கிலோபாஸ்கலுக்குப் பழகிய டயாஃபிரம் வாயால் பலமாக ஊதினாலே நெளிந்துவிடக்கூடும். கம்ப்ரசர் என்றால் கேட்கவே வேண்டாம்.

பிடுங்கியதும் "உஸ்" என்று மெல்லிய சத்தம். டப் காலியாகி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் டியூபுக்குள் காற்று அடைபட்டிருந்தது என்பதற்குக் காது கொடுத்த சாட்சி.

கழற்றிய சென்சாரைத் தனியாகச் சோதித்தேன். ஒரு துண்டு டியூபும் சிரிஞ்சும் மாட்டி, மிக மெல்ல அமுக்க, எண் உடனே இறங்கியது. விட்டதும் உடனே 259. வீட்டுக்காரர் பழைய சென்சாரையும் எடுத்து வைத்திருந்தார். அதை மாட்டினாலும் அதே நடத்தை. இரண்டுமே நல்ல சென்சார்.

அப்படியானால் சென்சாரை மாற்றியதும் மூன்று வாரம் எப்படி நன்றாக ஓடியது? முன்பு வந்தவர் என்ன செய்தார் என்று கேட்டேன். "டியூபைக் கழட்டி ஒரு தடவை வாயால ஊதினார், அப்புறம் புதுசை மாட்டினார்" என்றார். நல்லது நடந்தது அந்த ஊதலால்தான். அடைப்பின் நடுவே ஒரு சின்ன வழி திறந்திருக்கிறது. அடைப்பு மென்மையானது என்பதால் சில வாரங்களில் அந்த வழி மறுபடி மூடிக்கொண்டது. பாகத்தை மாற்றினால் சரியாகிவிட்டது, எனவே பாகம்தான் கெட்டிருந்தது என்ற முடிவுக்கு வருவது சர்வீஸ் வேலையில் மிகச் சுலபம். பாகத்தை மாற்றும்போது கை வேறு எதையெல்லாம் தொட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டியூபின் கீழ் முனைக்குப் போக மெஷினைச் சுவரில் சாய்த்து, கிளாம்பைத் தளர்த்த வேண்டியிருந்தது. டியூப் முழுக்கச் சுத்தமாகத்தான் இருந்தது, கீழ்ப்பக்கம் கடைசி நான்கு விரல்கடை தவிர. அங்கே சாம்பல் நிறத்தில், மெழுகும் களியும் கலந்தது போன்ற ஒரு பொருள். விரலால் தேய்த்தால் வழவழப்பு, உள்ளே துணி நூல் பிசிறு, கொஞ்சம் செம்மண் நிறம். சேம்பரின் முனை, பென்சில் கூட நுழையாத அளவு சிறியது, அதே பொருளால் நிறைந்திருந்தது.

அது வெறும் உப்பு அல்ல. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறும். அதன்மேல் துணிக்குப் போடும் கண்டிஷனரின் மெழுகுத்தன்மை படிகிறது, நூல் பிசிறு அதைக் கட்டிப்பிடிக்கிறது, போர்வெல் இரும்பு நிறம் கொடுக்கிறது. சேம்பர் இதற்கு வசதியான இடம். அங்கே தண்ணீர் ஏறி இறங்குமே தவிர ஓடாது; வந்தது தங்கிவிடும். இந்த வீட்டில் கை துவைப்புக்கான பவுடரைத்தான் மெஷினுக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் நுரை அதிகம். நுரை சேம்பருக்குள்ளும் ஏறும், ஏறிய இடத்தில் காயும்.

சுத்தம் செய்ததும், திரும்ப மாட்டியதும்

டியூபைத் தனியாகக் கழற்றி, 50 மில்லி சிரிஞ்சில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து மேலிருந்து கீழே தள்ளினேன். சேம்பர் முனையில் நைலான் இழையை மெல்லத் திருகி உள்ளே விட்டு, பிறகு அதே வெந்நீரை அழுத்தினால் பிசுக்கு டப்புக்குள் போய் விழும், டிரெய்னில் வெளியேறிவிடும். இரும்புக் கம்பி போடுவது எளிது, ஆனால் முனையின் உள்சுவரில் கீறல் விழும், அடுத்த பிசுக்கு அங்கேதான் முதலில் ஒட்டும். பிளாஸ்டிக் முனையே உடைந்தால் சில மாடல்களில் வெளி டப்பையே மாற்ற வேண்டிவரும், சேம்பர் அதோடு சேர்த்து வார்க்கப்பட்டது. கழற்ற முடியாத இடத்தில் மேலிருந்தே வெந்நீரைத் தள்ளிவிடுவது போதும். பெரும்பாலான அடைப்பு அதிலேயே கரையும்.

அடுத்தது டியூபைக் காயவைப்பது. அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டியூபில் சில சொட்டுத் தண்ணீர் தங்கி, தொய்ந்த ஒரு வளைவில் சேர்ந்தால், அந்தத் துளித்தூண் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். வளைவின் இரு பக்கத்துக்கும் 3 செ.மீ. மட்ட வித்தியாசம் வந்தால், டப் அளவிலும் அதே 3 செ.மீ. பிழை. எனவே டியூபை உதறி, நிழலில் தொங்கவிட்டு, உள்ளே ஒரு பொட்டு ஈரமும் இல்லை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே மாட்டினேன்.

மாட்டும்போது இரண்டு விஷயம். டியூப் பழைய பாதையிலேயே, பழைய கிளிப்புகளில், தொய்வு விழாமல் மேலே ஏற வேண்டும். ஆனால் இழுத்தும் கட்டக் கூடாது. டாப் லோடு டப் நான்கு கம்பிகளில் தொங்குவது, ஸ்பின்னில் நன்றாக ஆடும். இழுத்துக் கட்டிய டியூப் ஒரு நாள் கழன்றுவிடும், பாடியில் உரசினால் தேய்ந்து ஓட்டை விழும். இந்த மெஷினில் ஓர் இடத்தில் உரசல் தடம் இருந்தது, ஓட்டை இல்லை. அந்த இடத்தைப் பாடியிலிருந்து விலக்கிக் கிளிப்பில் போட்டேன்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது, பலருக்குத் தெரியாதது. டப்பில் தண்ணீர் இருக்கும்போது டியூபைச் சென்சாரில் மாட்டக் கூடாது. டியூப் திறந்திருந்தபோது சேம்பரிலிருந்த காற்று வெளியேறித் தண்ணீர் உள்ளே ஏறியிருக்கும். அந்த நிலையில் மாட்டினால் சென்சாருக்கு அந்த உயரமே பூஜ்யம். 15 செ.மீ. தண்ணீரோடு மாட்டினால், மெஷின் அதற்கு மேல் முழு அளவையும் கேட்கும். சுத்தமான டியூபை வைத்துக்கொண்டே டப் வழியும். முழுக்கக் காலி செய்து, ஒரு தடவை ஸ்பின் கொடுத்து, பிறகு மாட்ட வேண்டும். சர்வீஸ் முடிந்த அன்றே "முன்னைவிட மோசம்" என்று போன் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

மாட்டிய பிறகு அளந்தவை

அதே பக்கெட், அதே நான்கு தடவை. காலியில் 259. முதல் பக்கெட்டில் பெரிய மாற்றம் இல்லை, டப்பின் அடிக்குழியும் சேம்பர் வாயும் மூடும் வரை எண் அசையாதது இயல்பு. 20 லிட்டரில் 252. 40 லிட்டர் ஊற்றி முடித்தபோது 243, இரண்டு மூன்று விநாடியில் நிலைத்தது, ஐந்து நிமிடம் பார்த்தும் நகரவில்லை. கசிவும் இல்லை என்று பொருள். டிரெய்ன் முடிந்ததும் தயக்கமின்றி 259.

பிறகு குழாயைத் திறந்து, பம்ப்பின் முழு வேகத்திலேயே, நடு அளவு வைத்து ஓட்டினேன். தண்ணீர் நின்ற இடத்தில் டிரம் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, மறுபடி காலி செய்து, குழாயைக் கால்வாசி மட்டும் திறந்து ஓட்டியபோது அதே கோட்டில் வந்து நின்றது. வேகம் மாறினாலும் அளவு மாறாவிட்டால் டியூபில் தாமதம் இல்லை. சர்வீஸ் மோடு தெரியாதவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. இரண்டு கோடுகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி வந்தால் டியூபைக் கவனிக்க வேண்டிய நேரம்.

"அப்ப போர்டு?" என்றார் வீட்டுக்காரர்.

"போர்டு நல்லாத்தான் இருக்கு சார். சென்சார் சொன்னதை அப்படியே கேட்டுது, அவ்வளவுதான்."

டப்பில் ஒட்டியிருந்த மிச்சப் பிசுக்குக்கு, துணி இல்லாமல் வெந்நீரும் சலவை சோடாவும் போட்டு ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். உப்புப் படிவுக்கு வேறொரு நாள் சிட்ரிக் அமிலம், இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், வேலை நடக்காது. பிளீச்சிங் திரவம் போட்ட நாளில் சிட்ரிக் அமிலம் பக்கமே போகக் கூடாது, நச்சுக் காற்று வரும். பவுடரை மெஷின் பவுடராக மாற்றி, கண்டிஷனரைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். பிரஷர் பம்ப்பை நிறுத்தத் தேவை இருக்கவில்லை.

சில மாதம் கழித்து அதே கட்டடத்தில் வேறு வேலைக்குப் போனபோது இந்த வீட்டு மெஷினையும் சர்வீஸ் மோடில் போட்டுப் பார்த்தேன். நான்கு பக்கெட்டுக்கு 244, ஊற்றி முடித்ததும் நின்றது. இந்தத் தண்ணீருக்கு வருடம் ஒரு தடவை டியூபைக் கழற்றி வெந்நீர் தள்ளினால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கீழ் வீட்டுச் சீலிங்குக்குப் பெயின்ட் அடித்த செலவு, போர்டுக்குச் சொல்லப்பட்ட தொகையில் பாதிக்கும் குறைவாக முடிந்ததாம்.